இடுப்பு முன்னே, தோள் பின்னே: ஈட்டி எறிதலில் முறுக்கு செய்யும் வேலை

"என் மகளுக்கு 16 வயது. வலது கையால் ஈட்டி எறிகிறாள். 'இடுப்பு முதல்ல திரும்பணும், தோள் பின்னாடியே நிக்கணும், அப்பதான் ரப்பர் பேண்ட் மாதிரி பவர் சேரும்' என்று கோச் சொல்கிறார். அவளும் முடிந்த மட்டும் உடம்பை முறுக்கிப் பார்க்கிறாள். தூரம் கூடவில்லை, முதுகுதான் வலிக்கிறது. உண்மையிலேயே பவர் சேருமா? எவ்வளவு முறுக்க வேண்டும்?"

கோச் சொல்வது சரிதான். ஆனால் அவர் சொன்ன இரண்டு விஷயங்களில் உங்கள் மகள் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டாள் என்று தோன்றுகிறது. தோளைப் பின்னே இழுத்து முறுக்குகிறாள். இடுப்பு முன்னே போவதால் முறுக்கு தானாக விழ வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தசைக்கு இரண்டும் ஒன்றல்ல. நான் பல வருடம் ஈட்டி எறிந்தவன், இப்போது எறிபவர்களின் வீடியோவை அலசுவது என் வேலை. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். முதுகு வலியைப் பற்றிக் கடைசியில் இருக்கிறது; வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்திருந்தால் தயவுசெய்து அதை முதலில் படியுங்கள்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நாம் இடுப்பு என்றால் பெல்ட் கட்டும் வளைவைத்தான் நினைப்போம். இங்கே இடுப்பு என்பது அதற்குக் கீழே, தொடை எலும்புகள் வந்து சேரும் எலும்புக் கூடு. வயிற்றின் இரு ஓரமும் கை வைத்தால் முன்பக்கம் இரண்டு மேடு தட்டுப்படும். அந்த இரண்டையும் இணைத்து ஒரு கோடு, இரண்டு தோள் முனைகளையும் இணைத்து இன்னொரு கோடு. தலைக்கு மேலிருந்து பார்த்தால் இந்தக் கோடுகளுக்கு நடுவே விழும் கோணம்தான் எல்லோரும் பேசுகிற பிரிவு. கோல்ஃபில் 1992-ல் ஜிம் மெக்லீன் என்ற பயிற்சியாளர் இதற்கு 'எக்ஸ் ஃபேக்டர்' என்று பெயர் வைத்தார். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு கோடும் எக்ஸ் போல வெட்டிக்கொள்வதால் வந்த பெயர்.

இனி ஈட்டிக்கு வருவோம். வலது கைக்காரர் ஓடி வந்து கடைசி அடிகளில் பக்கவாட்டில் திரும்பியிருப்பார். இடது தோள் எறியும் திசையைப் பார்க்கும், ஈட்டி பிடித்த கை பின்னே நீண்டிருக்கும். குறுக்கடி போட்டு வலது கால் தரையில் விழுகிறது. அங்கிருந்து வலது பாதமும் முட்டியும் உள்பக்கமாகத் திரும்பித் தள்ள, இடுப்பின் வலது பாதி முன்னே வரத் தொடங்கும். அடுத்து இடது கால், முட்டி மடங்காமல், குச்சி ஊன்றியதுபோல் முன்னே விழும். ஓடி வந்த வேகத்தில் இடுப்பின் இடது பக்கம் அங்கே முட்டி நிற்கிறது; வலது பக்கம் அதைச் சுற்றிக்கொண்டு வருகிறது. கதவு கீலைச் சுற்றுவதுபோல. இந்த நேரத்தில் இடுப்பு ஏறக்குறைய முன்னே பார்த்துவிட்டது, மார்பு இன்னும் பக்கவாட்டில்தான் இருக்கிறது. பிரிவு உண்டாகும் இடம் இதுதான். தோளை யாரும் பின்னே இழுக்கவில்லை. அது வெறுமனே வர மறந்து நிற்கிறது.

இழுபடுகிற தசை எது? வலது பக்கக் கீழ் விலா எலும்புகளிலிருந்து வயிற்றின் குறுக்கே சாய்வாக இறங்குவது வெளிச் சாய்வுத் தசை. பேன்ட் பாக்கெட்டில் கை விட்டால் விரல் போகும் திசைதான் அதன் நார் ஓடும் திசை. வயிற்றின் நடுக்கோட்டில் அது ஒரு தட்டையான நார்ப்பட்டையாக மாறி, மறுபுறம் இடது பக்க உட்சாய்வுத் தசையோடு கைகோத்து இடது இடுப்பெலும்பில் போய் முடிகிறது. தோள் பையை வலது தோளில் மாட்டி இடது இடுப்பில் தொங்கவிட்டால் வார் போகுமே, ஏறக்குறைய அந்தப் பாதை. இடுப்பு முன்னே வந்து மார்பு பின்தங்கும்போது இந்தச் சாய்ந்த பட்டை முழுக்க நீள்கிறது. பிறகு அதுவே சுருங்கி மார்பை இடுப்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது.

இப்போது ரப்பர் பேண்ட் கதை. பாதி உண்மை. நீண்ட தசைநாண் உள்ள இடங்களில், உதாரணமாகக் குதிகாலுக்கு மேலே இருக்கும் பெரிய நாணில், இழுத்து விட்டால் திரும்பி வருகிற ஆற்றல் நல்ல அளவில் கிடைக்கும். வயிற்றுச் சாய்வுத் தசைகளுக்கு அப்படி நீளமான கயிறு கிடையாது. விரிந்த பட்டைதான் உண்டு. அதில் கொஞ்சம் ஆற்றல் சேரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முறுக்கினால் கிடைக்கும் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது.

அது நேரம். இடது கால் ஊன்றியதிலிருந்து ஈட்டி கையை விட்டுப் போகும் வரை ஏறக்குறைய பத்தில் ஒரு நொடிதான். தளர்ந்து கிடக்கும் தசை ஒன்றுக்கு ஆணை போய், அது முழு விசைக்கு ஏற இதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். கால் நொடிக்குக் கிட்ட வைத்துக்கொள்ளுங்கள். அதாவது, 'இப்போது இழு' என்று தொடங்கினால், தசை வலுவெடுக்கும் முன் ஈட்டி போய்விட்டிருக்கும். இதற்கு ஒரே வழி, இழுக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே தசை விறைத்துக்கொண்டிருப்பது. ஆனால் எதிர்க்க ஒன்றும் இல்லாமல் விறைத்தால் அது சுருங்கி மார்பை முன்கூட்டியே கொண்டுவந்துவிடுமே? அங்கேதான் இடுப்பு உதவிக்கு வருகிறது. இடுப்பு முன்னே ஓடி, விறைத்த தசையை நீட்டுகிறது. தசை சுருங்கப் பார்க்கிறது, முடியாமல் நீள்கிறது. இந்த நிலையில், அதாவது விறைத்தபடியே நீளும்போது, ஒரு தசை சும்மா இருந்த இடத்தில் பிடிக்கிற விசையைவிடக் கூடுதலாகவே தாங்கும். பிறகு இடுப்பு நின்றதும் அந்த உச்சத்திலிருந்தே சுருங்கத் தொடங்கும். பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டியதில்லை.

என் பார்வையில் முறுக்கின் பயன் ஆற்றலைச் சேர்த்து வைப்பதில் குறைவு, தசையை முன்கூட்டியே வேலையில் இறக்குவதில்தான் அதிகம். ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் கழித்து விட்டாலும் பறக்கும். தசை அப்படியில்லை. இதை நீங்களே உணரலாம். பாதி உட்கார்ந்து மூன்று நொடி அசையாமல் இருந்து, அங்கிருந்து குதித்துப் பாருங்கள். பிறகு நின்ற நிலையிலிருந்து சட்டென்று இறங்கி, இறங்கிய வேகத்திலேயே குதியுங்கள். இரண்டாவதில் உயரம் கூடும். படுத்து எடை தூக்கும் பயிற்சியில் இதை அளந்திருக்கிறார்கள்: கீழே இறக்கி ஒரு நொடி நிறுத்தினாலே, இறக்கியதால் கிடைத்த கூடுதல் பலனில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. உங்கள் மகள் தோளை முறுக்கி வைத்துக்கொண்டு ஓடி வருகிறாள் என்றால், அவள் செய்வது அந்த மூன்று நொடி உட்கார்தல் மாதிரிதான்.

கோல்ஃபில் கண்டதும் இதையே காட்டுகிறது. மட்டையைப் பின்னே தூக்கும் பின்சுழற்சியின் உச்சியில் யாருக்குக் கோணம் அதிகம் என்பதைவிட, மட்டை கீழே இறங்கத் தொடங்கிய கணத்தில் யாருக்குக் கோணம் இன்னும் விரிகிறது என்பதுதான் நல்ல ஆட்டக்காரரைப் பிரித்துக் காட்டியது. இடுப்பு முன்னே கிளம்பிவிட்டது, தோள் இன்னும் பின்னே போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் சிறு இடைவெளியில் சேரும் சில டிகிரிதான் உயிருள்ள முறுக்கு.

எவ்வளவு முறுக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18 வயதுக்குட்பட்ட பெண்கள் எறியும் ஈட்டி 500 கிராம். அது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கையை விட்டால் சுமந்துபோகும் ஆற்றல் 100 ஜூல், விழும் தூரம் சுமார் 40 மீட்டர். வேகத்தை 21 ஆக்க இன்னும் 10 ஜூல் வேண்டும். தூரம் ஏறத்தாழ 4 மீட்டர் கூடும். சரி, மார்பைச் சுழற்ற உடம்பு செய்யும் வேலை என்ன? சராசரி முறுக்கு விசையை, சுழன்ற கோணத்தால் பெருக்கினால் போதும். உதாரணத்துக்கு, தசை சராசரியாக 60 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரிவு 30 டிகிரி என்றால் 31 ஜூல். 45 டிகிரி என்றால் 47. ஆக, கோணம் கூடினால் தசைக்கு ஓட நீண்ட பாதை கிடைக்கிறது, வேலையும் கூடுகிறது. கூடுகிற 16 ஜூலில் பெரும்பகுதி மார்பையும் கையையும் சுழற்றுவதில் செலவாகிவிடும், ஈட்டிக்குக் கொஞ்சம்தான் வரும். 10 ஜூலுக்கு 4 மீட்டர் என்பதால் அந்தக் கொஞ்சமும் பெரிது.

இப்போது உங்கள் மகள் செய்வதை அதே கணக்கில் வைப்போம். கோணத்தை 45-க்குக் கொண்டுபோய்விட்டாள். ஆனால் முறுக்கி நிறுத்தியதால் தசை தளர்ந்துவிட்டது, மேலும் அதற்கு வலு அதிகம் இருக்கும் நீளத்தைத் தாண்டியும் போய்விட்டது. சராசரி 60-லிருந்து 40 ஆகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதை 45 டிகிரியால் பெருக்கினால் மறுபடியும் அதே 31 ஜூல். கோணம் கூடியும் தூரம் நகரவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டாம். (எண்கள் என் உதாரணம், அவளை அளந்து எடுத்தவை அல்ல. ஆனால் போக்கு இதுதான்.) இதனால்தான் 'இத்தனை டிகிரி' என்று இலக்கு கொடுக்க நான் விரும்புவதில்லை. அதிலும் ஒரு ஏமாற்று உண்டு. தோள் முனைகளை வைத்து அளப்பதால், முதுகுப் பக்கம் தோள்பட்டை எலும்பை இழுத்துக்கொண்டாலே கோணம் பல டிகிரி கூடிக் காட்டும். வயிற்றுத் தசை ஒரு நூல்கூட நீண்டிருக்காது.

டிகிரிக்குப் பதில் நான் பார்ப்பது இடைவெளி நேரம். இடுப்பு முன்னே பார்த்ததற்கும் மார்பு முன்னே பார்த்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம்? இதற்கு ஃபோன் போதும். நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் வையுங்கள். அவளுடைய ஷார்ட்ஸின் முன்பக்கம் நடுவில் ஒரு பளிச்சென்ற டேப் துண்டு, ஜெர்சியில் மார்பு எலும்புக்கு நேரே இன்னொன்று. எறியும் பாதைக்கு வலப்பக்கம், தள்ளி நின்று எடுங்கள். வலது கைக்காரர் பக்கவாட்டில் திரும்பும்போது வயிறும் மார்பும் அந்தப் பக்கம்தான் பார்க்கும். (நேர் முன்னால் நின்று எடுக்கலாமே என்று தோன்றும். ஈட்டி அங்கேதான் வரும்.) இடுப்பு சுழலச் சுழல கீழ் டேப் மெலிந்து, ஒரு ஃபிரேமில் கேமராவுக்கு மறைந்துவிடும். சில ஃபிரேம் கழித்து மேல் டேப் மறையும். நடுவே எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். ஒரு ஃபிரேம் என்பது நான்கு மில்லி நொடிக்குச் சற்று மேல்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணின் வீடியோவை இங்கே சொல்வது பொருந்தும். அவளுக்கும் ஏறக்குறைய உங்கள் மகள் வயதுதான், புகாரும் இதே. ஓடி வரும்போது படத்தை நிறுத்திப் பார்த்தால் அழகான முறுக்கு. ஆனால் இடது கால் ஊன்றிய பிறகு எண்ணினால் இரண்டு டேப்பும் ஒரே ஃபிரேமில் மறைந்தன, ஒரு எறிதலில் மட்டும் இரண்டு ஃபிரேம் இடைவெளி. பலகையைத் திருப்பியதுபோல் உடம்பு மொத்தமாகத் திரும்பியிருக்கிறது. ஓடும்போது காட்டிய முறுக்கெல்லாம் வலது கால் விழும்போதே கரைந்துபோயிருந்தது.

காரணம் தேடி ஃபிரேம் ஃபிரேமாகப் பின்னே போனோம். முதலில் கண்ணில் பட்டது இடது கை. ஊன்றும் காலுக்கு முன்பே அது வெளியே வீசித் திறந்துவிட்டது. கை போனால் இடது தோள் போகும், தோள் போனால் மார்பு போகும். அப்புறம் பின்தங்குவதற்கு என்ன இருக்கிறது? ஆனால் கை வீசியது நோயல்ல, அறிகுறிதான். வலது காலைப் பார்த்தபோது குதிகால் முழுக்கத் தரையில் படிந்து, பாதம் பக்கவாட்டிலேயே நின்றிருந்தது. அந்தக் காலிலிருந்து இடுப்புக்குத் தள்ளு எதுவும் போகவில்லை. இடுப்பு சுழலாததால், சுழற்சியைக் கையால் தொடங்கியிருக்கிறாள் பாவம்.

இன்னொரு பொதுவான ஓட்டை இடது முட்டி. ஊன்றிய பிறகு முட்டி மடங்கி உள்ளே போனால் கீல் இளகிவிடும், இடுப்பு நிற்காமல் முன்னே வழுக்கும், மார்புக்கு எதிர்ப்பு கிடைக்காது. அந்தப் பெண்ணுக்கு அது இல்லை. உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஈட்டியை மூன்று வாரம் ஓரம் வைத்தோம். மெடிசின் பால் என்ற 2 கிலோ பயிற்சிப் பந்து, ஒரு சுவர். சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, இடது காலைச் சுவர்ப் பக்கம் எடுத்து வைத்து, இரண்டு கையாலும் பந்தை வயிற்று உயரத்தில் வீச வேண்டும். அதில் ஒரே ஒரு விதி: பந்து பின்னே போய்க்கொண்டிருக்கும்போதே கால் முன்னே கிளம்பிவிட வேண்டும். பந்து பின்னே போய் நின்று, பிறகு கால் கிளம்பினால் அந்த வீச்சு கணக்கில் இல்லை. கேட்க எளிது. முதல் நாள் அவளால் பத்துக்கு மூன்றுதான் சரியாகச் செய்ய முடிந்தது, ஏனென்றால் உடம்பின் இரு பாதியும் எதிரெதிர்த் திசையில் போவது நமக்குப் பழக்கமில்லாத காரியம். ஆறு ஆறு வீச்சாக, நடுவே நல்ல ஓய்வோடு செய்யச் சொன்னேன். வேகம் குறைந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்தம். களைத்த நிலையில் செய்தால் பழைய பலகைத் திருப்பம்தான் மனப்பாடமாகும். அப்புறம் ஓட்டமில்லாமல் நின்ற இடத்தில் ஈட்டி, அப்புறம் மூன்றடி. 'தோளைப் பின்னே வை' என்ற சொல்லையே நான் பயன்படுத்தவில்லை. 'வலது முட்டியை உள்ளே திருப்பு, இடது கையைத் தாமதமாக மடக்கு', அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து எண்ணியபோது இடைவெளி எட்டு ஒன்பது ஃபிரேம் வந்தது, அதாவது முப்பத்தைந்து மில்லி நொடி அளவில். நிறுத்திய படத்தில் பார்த்தால் ஓடும்போதைய முறுக்கு முன்பைவிடக் குறைந்திருந்தது என்பதுதான் வேடிக்கை.

இனி முதுகு. கீழ் முதுகெலும்பு சுழல்வதற்காகச் செய்யப்பட்டதல்ல. அங்கே மூட்டுகள் நெட்டுக்குத்தாக நின்று ஒன்றையொன்று தடுக்கின்றன. ஒரு கண்ணிக்கு இரண்டு டிகிரி போலத்தான் ஒரு பக்கம் திரும்பும், ஐந்தும் சேர்ந்தால் பத்துச் சொச்சம். மார்புப் பகுதி முதுகெலும்பு அதைவிட மூன்று மடங்கு போலத் திரும்பும். தோள்பட்டை இன்னும் கொஞ்சம் கொடுக்கும். ஆகவே மார்பு முதுகு இறுகியிருக்கும் ஒருவர் வலிந்து முறுக்கினால், குறைவதைக் கீழ் முதுகு ஈடு கட்டப் பார்க்கும். ஈட்டியில் கூடவே பின்னே வளைவும் சேர்கிறது. வளைவு, முறுக்கு, காலில் மோதல் மூன்றும் ஒரே கணத்தில் கீழ் முதுகெலும்பின் பின்பக்கம் ஒரு மெல்லிய எலும்புப் பாலத்தில் போய் விழும். வளரும் வயதில் அந்தப் பாலம் முழுதாக உறுதிப்பட்டிருக்காது. திரும்பத் திரும்ப அழுத்தினால் அங்கே மயிரிழை விரிசல் விடும். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர்களிடம் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. வீசும்போது தோள் 30, 40 டிகிரிக்கு மேல் எதிர்ப்பக்கம் திரும்பி வரும் கலப்பு ஆக்‌ஷன் உள்ளவர்களுக்கு இந்த விரிசல் கூடுதலாக வருவதைக் கண்டிருக்கிறார்கள். விரிசல் பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப் பக்கம் விழும்.

சாதாரணத் தசை வலியை எப்படிப் பிரித்தறிவது? தசை வலி பெரும்பாலும் பரவலாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் இறங்கும், உடம்பு சூடானால் குறையும். இந்த வலி முதுகுத்தண்டுக்கு ஒரு பக்கமாக, ஒரு விரலால் காட்டும்படி இருக்கும். ஓய்வில் அடங்கும், எறிந்தால் திரும்ப வரும். ஒற்றைக் காலில் நின்று பின்னே வளைந்தால் குத்தும். வளைந்து பார்ப்பது ஒரு அறிகுறிதான், அதை வைத்து உறுதி சொல்ல முடியாது. வலிக்கவில்லை என்பதற்காக விட்டுவிடவும் முடியாது. சாதாரண எக்ஸ்ரேயில் தொடக்க விரிசல் தெரியாமல் போவதும் உண்டு. அதனால் விளையாட்டுக் காயம் பார்க்கும் மருத்துவரிடம் போய், ஈட்டி எறிபவள் என்பதைச் சொல்லி, எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சில மாத ஓய்வில் எலும்பு கூடிவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது.

மருத்துவர் சரி சொல்லும் வரை ஈட்டியும் வேண்டாம், நான் மேலே சொன்ன பந்து வீச்சும் வேண்டாம். அதுவரை வீடியோவை எண்ணிக்கொண்டிருக்கலாம், பழைய எறிதல்கள் ஃபோனில் இருக்குமே. 240-இல் எடுக்காமல் சாதாரணமாக எடுத்ததென்றால் நொடிக்கு 30 ஃபிரேம்தான் கிடைக்கும். அதில் இடைவெளியை எண்ண முடியாது. ஆனால் வலது குதிகால் படிந்திருக்கிறதா, இடது கை எப்போது திறக்கிறது என்ற இரண்டும் தெளிவாகவே தெரியும்.